ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது

ஆர்ட்டிகிள்ஷிப்பை முடித்துவிட்டு, சி.ஏ. ஃபைனல் தேர்வை மிச்சம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வீட்டு நிலைமை அப்படி. நேர்முகத் தேர்வில் "படிப்பைத் தொடரலாமா சார்?" என்று கேட்டால், "தாராளமா படிங்க" என்று பதில் வந்துவிடும். அதைக் கேட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் சில மாதங்கள் கழித்துத் தவிக்கிறார்கள். படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. படிக்க எத்தனை நாள் தருவீர்கள் என்று இவர்களும் கேட்கவில்லை.

தேர்வு விடுப்பு என்று தனியாக ஒன்றைத் தனியார் அலுவலக ஊழியருக்குச் சட்டம் தரவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி, தக்க காரணத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நோய்க்கு இன்னொரு 12 நாள். இவை தவிர ஈட்டிய விடுப்பு 12 நாள். ஆனால் அது ஓராண்டுப் பணி முடிந்த பிறகுதான். ஆக, தேர்வுக்கு என்ன கிடைக்கும் என்பது முழுக்க முழுக்க நிறுவனத்தின் மனத்தையும் எழுத்தையும் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவர் ஜூன் 1-ல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் புரொபேஷன். செப்டம்பரில் ஃபைனல் முதல் குரூப் எழுத வேண்டும். மூன்று தாள்தான், இடைவெளி விட்டு நடப்பதால் ஆறு நாள் போய்விடும். அதற்கு முன் படிக்க மூன்று வாரமாவது வேண்டும். மொத்தம் 27 நாள். மாதத்துக்கு ஒரு விடுப்பு என்று நிறுவனம் கணக்கில் ஏற்றினால், ஆகஸ்ட் முடிவில் அவர் கையில் இருப்பது மூன்றே நாள். மிச்சம் 24 நாளும் லாஸ் ஆஃப் பே, அதாவது 24,000 ரூபாய் இழப்பு. சில நிறுவனங்கள் விடுப்புக்கு நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்ப்பதில்லை. அங்கே இழப்பு சுமார் 20,000-ஆகக் குறையும். எடுத்த நாள்களுக்கு ஈடாகப் புரொபேஷனை நீட்டிக்கும் இடங்களும் உண்டு.

பணம்கூடச் சமாளிக்கக் கூடியது. மாதம்தான் பெரிய தடை. 2025 முதல் சி.ஏ. ஃபைனல் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. மார்ச்சில் கணக்கு முடித்து ஏப்ரல், மே முழுக்க ஆடிட்டர்கள் கேட்கும் விவரங்களைக் கொடுக்கும் அலுவலகங்கள் பல. வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. அந்த நேரத்தில் அக்கவுண்ட்ஸ் ஆள் ஒருவர் ஒரு மாதம் இல்லையென்றால், எவ்வளவு நல்ல மேனேஜரும் கையைப் பிசைவார். ஜனவரியில் நெருக்கடி ஒப்பீட்டளவில் குறைவு. ஜூனில் சேர்ந்தவருக்குப் புரொபேஷனும் நவம்பரோடு முடிந்திருக்கும்.

அதனால் கேள்வியை இப்படித் துல்லியமாக வைப்பதே நல்லது: "மேடம், ஜனவரியில ஃபைனல் ஒரு குரூப் எழுதணும். மொத்தம் 27 நாள் வேணும். சம்பளம் இல்லாம இருந்தாலும் பரவாயில்லை. புரொபேஷன் பாதிக்குமா? ஞாயிறும் கணக்கில வருமா?" முதல் சுற்றிலேயே கேட்க வேண்டாம். உங்களை எடுப்பதென்று முடிவாகி, ஆஃபர் லெட்டர் வந்த பிறகு, ஒப்புக்கொள்வதற்கு முன் உள்ள சில நாள்கள்தான் அதற்கு ஏற்றவை. எச்.ஆரிடம் மட்டும் கேட்டால் போதாது. விதியைச் சொல்வது அவர். விடுப்பு விண்ணப்பத்தில் ஒப்புதல் தருவது உங்கள் மேனேஜர். இருவரிடமும் பேசிவிட்டு, பேசியதை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மேனேஜர் வேறு இடத்துக்குப் போய்விட்டால், அடுத்து வருபவரிடம் காட்ட வேறு சான்று இருக்காது. எழுத்து அனுமதியின்றி வேறு படிப்பில் சேரக் கூடாது என்ற வரி பணி நியமன உத்தரவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பகுதி நேர பி.இ. படிக்கும் டிப்ளமோக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. மூன்றரை ஆண்டு, மாலை நேர வகுப்பு. அவர்களை மறிப்பது தேர்வு நாள்களைவிட ஷிஃப்ட்தான். இரண்டாம் ஷிஃப்ட் வரும் வாரமெல்லாம் வகுப்பு போய்விடும். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வே எழுத முடியாது. அவர்கள் கேட்க வேண்டியது, செமஸ்டர் நடக்கும் மாதங்களில் ஜெனரல் ஷிஃப்ட் கிடைக்குமா என்பதே.

முடியாது என்று பதில் வந்தால் அதுவும் இப்போதே தெரிவது நல்லது. வேலையில் சேர்ந்து, ஆகஸ்டில் விடுப்பு மறுக்கப்பட்டு, அன்றே ராஜினாமா கொடுத்தாலும், 60 நாள் நோட்டீஸ் காலம் முடிவதற்குள் செப்டம்பர் தேர்வு முடிந்து போயிருக்கும்.