வரைபடத்திலிருந்து அறைப்பட்டியல்

செஞ்சிக் கோட்டை நடுவணரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னமாகும். 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டத்தின்படி, இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்ப இயலாது. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் இசைவு பெறவேண்டும். அங்கே பழுதுபார்ப்பு எது, புதிய விரிவாக்கம் எது எனப் பிரித்தறிய வீட்டின் பழைய அளவுகளே அடிப்படை. அவ்வளவுகள் மடிந்து மங்கிய வரைபடத்தின் ஒளிப்படமாக மட்டுமே எஞ்சியிருப்பின், அதனைப் பிழையின்றிப் படித்துப் பட்டியலிடல் வேண்டும்.

தரைப்படம் என்பது சுவர்களைக் கிடைமட்டமாக வெட்டி மேலிருந்து நோக்கும் தோற்றம். முதலில் வடக்கு காட்டும் அம்புக்குறியைக் கண்டறிதல் வேண்டும். அதன் பிறகே ஒவ்வொரு சுவரையும் திசைப்பெயரால் குறிக்க இயலும். சாய்வாக எடுத்த ஒளிப்படத்தில் கோடுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே, கோட்டை அளந்து அளவு காண்பது தவறு. எழுதப்பட்ட எண்ணையே கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கிழக்கு நோக்கிய ஒரு வீட்டைக் கொள்வோம். அதன் தென்வடல் வெளியளவு 24 அடி 6 அங்குலம். தெற்கே படுக்கையறை, வடக்கே கூடம். மூன்று சுவர்களும் 9 அங்குலத் தடிப்புடையன. படுக்கையறையின் தென்வடல் அளவு 10 அடி எனத் தெளிவாக உள்ளது. கூடத்தின் அளவிலோ 12 அடிக்குப் பின்னுள்ள அங்குல எண் 3 எனவும் 8 எனவும் தோன்றுகிறது. படுக்கையறையையும் மூன்று சுவர்களையும் கூட்டினால் 12 அடி 3 அங்குலம் வரும். அதனை வெளியளவிலிருந்து கழித்தால் எஞ்சுவதும் 12 அடி 3 அங்குலமே. எனவே ஐயத்திற்குரிய எண் 3 ஆகும். 8 எனக் கொண்டால் மொத்தம் 5 அங்குலம் மிகும். எனினும் இது கண்டு படித்த எண்ணன்று; கணக்கிட்டுப் பெற்றது. இவ்வேறுபாட்டைப் பட்டியலில் குறித்தல் வேண்டும்.

கூடத்திற்கு மேற்கேயுள்ள சமையலறையின் கிழமேல் அளவு 6 அடியா, 8 அடியா என்பது விளங்கவில்லை. அப்பக்கத்து மொத்த அளவு படத்தின் விளிம்பில் வெட்டுண்டு போயிற்று. சரிபார்க்க வழியின்மையால், பொருத்தமாகத் தோன்றும் எண்ணை எழுதுதல் கூடாது.

கதவைச் சுவரில் உள்ள இடைவெளியும் அதனையொட்டிய கால்வட்ட வளைவும் காட்டும். வளைவு எந்த அறைக்குள் அமைகிறதோ, அவ்வறைக்குள் கதவு திறக்கும். கதவின் இடத்தை அருகிலுள்ள சுவர்மூலையிலிருந்து அளந்து கூறுவது மரபு.

இவ்வாறு பெறப்படும் பட்டியல் பின்வருமாறு அமையும். அளவுகள் தென்வடல், கிழமேல் என்னும் வரிசையில் உள்ளன.

1. கூடம்: 12 அடி 3 அங்குலம் (கணக்கிட்டது), 16 அடி. தலைவாயில் கிழக்குச் சுவரில், வடகிழக்கு மூலையிலிருந்து 2 அடியில், உட்புறம் திறக்கும்.
2. படுக்கையறை: 10 அடி, 11 அடி. கதவு வடக்குச் சுவரில், வடமேற்கு மூலையிலிருந்து 1 அடியில், அறைக்குள் திறக்கும்.
3. சமையலறை: 8 அடி, கிழமேல் அளவு 6 அல்லது 8 அடி (தெளிவில்லை, நேரில் அளக்க). கதவு கிழக்குச் சுவரில், வடகிழக்கு மூலையிலிருந்து 2 அடியில். திறக்கும் பக்கம் தெரியவில்லை.

இப்பட்டியலுடன் வீட்டுக்குச் செல்பவர் அளவு நாடாவை முதலில் விரிக்க வேண்டிய இடம் சமையலறையே. அங்கே 2 அடி கூடுதலாக எழுதப்பட்டிருப்பின், பழைய சுவரைச் செப்பனிடும் பணி, இல்லாத இடத்தில் புதுச்சுவர் எழுப்பும் பணியாக மாறிவிடும்.