எஞ்சிய அப்பத்தை என்ன செய்வது?

கத்தோலிக்க ஆலயமொன்றில் நடைபெறும் திருமணத் திருப்பலிக்குச் சென்றிருக்கும் இந்து, முஸ்லிம் வாசகர்கள் ஒரு காட்சியை அவதானித்திருக்கக்கூடும். மணமகளின் தாயாரும் உறவினரும் வரிசையாகச் சென்று குருவானவரிடம் சிறிய வெண்ணிற அப்பமொன்றைப் பெற்று உண்கின்றனர். மணமகனின் தந்தையாரோ இருக்கையை விட்டு எழவில்லை. அவரும் கிறிஸ்தவரே, மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவர். சம்பந்தியுடன் அவருக்கு எவ்வித மனஸ்தாபமும் இல்லை. விருந்து மண்டபத்தில் இருவரும் அருகருகே அமர்ந்தே உணவருந்துவர். ஆயினும் அந்த அப்பம் வழங்கப்படும் சில நிமிடங்களில் மாத்திரம் அவர்களிடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகால வரலாறு குறுக்கே நிற்கின்றது. அந்த வரலாற்றையே இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவு தமது சீடர்களுடன் உணவருந்தினார். அப்போது அப்பத்தை எடுத்து, இது என் உடல் என்றும், திராட்சை இரசக் கிண்ணத்தை எடுத்து, இது என் இரத்தம் என்றும் கூறிக் கொடுத்தார். தம்மை நினைவுகூர்ந்து இவ்வாறு செய்யுமாறும் பணித்தார். இதில் கிறிஸ்தவ சபைகளிடையே கருத்து வேறுபாடு கிடையாது. இயேசு அவ்வாறு கூறியதன் பொருள் யாது என்பதிலேயே பிணக்குத் தோன்றியது. அப்பம் உண்மையாகவே உடலாகின்றதா அல்லது உடலைக் குறிக்கின்றதா?

கத்தோலிக்க திருச்சபையின் விடை ஐயத்துக்கு இடமற்றது. ஒவ்வொரு பொருளுக்கும் புலன்களால் அறியப்படும் தோற்றம் ஒன்றும், அதனை அப்பொருளாக்கும் உட்பொருள் ஒன்றும் உண்டு என்ற அரிஸ்டோட்டிலின் மெய்யியற் பாகுபாட்டை மத்தியகால அறிஞர்கள் எடுத்தாண்டனர். குருவானவர் திருப்பலியில் இயேசுவின் சொற்களை உரைக்கும்போது அப்பத்தின் நிறமும் சுவையும் மணமும் அவ்வாறே இருக்க, உட்பொருள் மாத்திரம் கிறிஸ்துவின் உடலாக மாறுகின்றது என்பது அவர்களது விளக்கம். எனவே ஆய்வுகூடத்தில் பரிசோதித்தால் கோதுமை மாவுதானே தென்படும் என்று கேட்பவருக்கு, ஆம், அதுவே தென்படும் என்பதுதான் கத்தோலிக்கரின் பதிலாக இருக்கும். 1215ஆம் ஆண்டின் நான்காவது லாத்தரன் சங்கம் இக்கொள்கைக்குரிய சொல்லைப் பயன்படுத்தியது. 1551ஆம் ஆண்டில் திரெந்து சங்கம் அதனைத் திட்டவட்டமாக வரையறுத்தது.

ஒரு சபை உண்மையில் எதனை நம்புகின்றது என்பதை அறிய அதன் இறையியல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வழிபாடு முடிந்தபின் எஞ்சிய அப்பத்தை அது என்ன செய்கின்றது என்பதைக் கவனித்தாலே போதும் என்பது எமது அபிப்பிராயம். கத்தோலிக்க ஆலயத்தில் எஞ்சிய அப்பம் பூட்டப்பட்ட பேழையில் வைக்கப்படும். அருகில் விளக்கொன்று அணையாது எரியும். மக்கள் அப்பேழையின் முன் முழந்தாளிட்டு வணங்குவர். நோயாளரின் வீடுகளுக்கு அங்கிருந்தே அப்பம் எடுத்துச் செல்லப்படும். எஞ்சிய இரசம் அங்கேயே பருகி முடிக்கப்படும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. அப்பத்தின் தோற்றம் நிலைத்திருக்கும் வரையே கிறிஸ்துவின் பிரசன்னமும் நிலைத்திருக்கும் என்பது திருச்சபையின் போதனை. அதனால் நிலத்தில் விழுந்து மாசடைந்த அப்பத்தை நீரில் இட்டு, அது முற்றாகக் கரைந்தபின் அந்நீரை மண்ணில் சேரும்படி ஊற்றும் வழக்கம் உண்டு.

இக்கொள்கையை மறுத்தெழுந்த சீர்திருத்தவாதிகள் அதற்குப் பதிலாக எதனைக் கொள்வது என்பதில் ஒன்றுபடவில்லை. அவர்களுடைய பிளவு வெளிப்பட்ட இடம் ஜேர்மனியின் மார்பர்க் கோட்டை. காலம் 1529ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் முதல் நாட்கள். கத்தோலிக்கப் பேரரசரை எதிர்கொள்வதற்குச் சீர்திருத்தப் பிரதேசங்களை ஓரணியில் திரட்ட விரும்பிய ஹெஸ்ஸே ஆட்சியாளர் பிலிப், ஜேர்மனியின் மார்ட்டின் லூதரையும் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்துப் போதகர் உல்ரிக் சுவிங்லியையும் அங்கு அழைத்தார். இராணுவக் கூட்டணிக்கு முன்னர் இறையியல் உடன்பாடு தேவைப்பட்டது. லூதர் வந்து அமர்ந்ததும் சுண்ணக்கட்டியை எடுத்து, "இது என் உடல்" என்னும் சொற்களை மேசையில் இலத்தீனில் எழுதி வைத்தார். பின்னர் விவாதம் சூடேறியபோது மேசை விரிப்பை விலக்கி அதனையே சுட்டிக்காட்டினார்.

உட்பொருள், தோற்றம் என்ற மெய்யியல் விளக்கம் லூதருக்கு வேண்டியிருக்கவில்லை. அப்பம் அப்பமாகவே இருக்கின்றது, அதனுடன் கிறிஸ்துவின் உடலும் உண்மையாகவே இருக்கின்றது என்பதே அவரது நிலைப்பாடு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பும் உண்டு, இரும்பும் உண்டு என்பது அவர் முன்னொரு நூலில் கையாண்ட உவமை. சுவிங்லியின் வாதம் வேறு. கிறிஸ்துவின் உடல் விண்ணகம் சென்றுவிட்டது. மனித உடல் ஒரே வேளையில் பல இடங்களில் இருக்க முடியாது. எனவே அவ்வசனத்தில் "இது" என்பதை "இது குறிக்கின்றது" என்றே பொருள்கொள்ள வேண்டும் என்றார் அவர். தம்மைத் திராட்சைக்கொடி என்றும் வாசல் என்றும் இயேசு கூறியவற்றை எவரும் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்வதில்லையே என்பது சுவிஸ் தரப்பின் வினா. தேவனுடைய வலதுபாரிசம் என்பது ஓர் இடமன்று, அது எங்கும் உள்ளது என்பது லூதரின் பதில்.

சுவிங்லி அப்பத்தை வெறும் அடையாளமாக இகழ்ந்தார் எனக் கருதுவது தவறாகும். மணமோதிரம் கணவனல்ல, ஆயினும் எந்த மனைவியும் அதனை வெறும் உலோக வளையமாகக் கருதுவதில்லை. அவரது கருத்தை இவ்வாறே புரிந்துகொள்ளவேண்டும். சூரிச்சில் 1525ஆம் ஆண்டு உயிர்த்தஞாயிறுக் காலத்தில் அவர் அறிமுகப்படுத்திய திருவிருந்தில் பொற்பாத்திரங்களுக்குப் பதிலாக மரத்தட்டுகளும் மரக்கிண்ணங்களும் இடம்பெற்றன. மக்கள் அமர்ந்திருந்த இடத்துக்கே அப்பம் கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு நான்கு தடவைகள் மாத்திரமே அது நடத்தப்பட்டது.

மார்பர்க்கில் 15 அம்சங்கள் கொண்ட உடன்படிக்கையொன்றில் இரு தரப்பினரும் கையொப்பமிட்டனர். பதினான்கில் முழு உடன்பாடு. பதினைந்தாவதிலும் பெரும்பகுதியில் உடன்பாடே. கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் அப்பத்திலும் இரசத்திலும் சரீரப்பிரகாரமாக உள்ளனவா என்ற ஒரேயொரு வினாவில் இணங்க முடியவில்லை என்று அதிலேயே எழுதினர். சுவிங்லி கண்ணீர் மல்க நின்றதாகவும், சுவிஸ் தரப்பினரை சகோதரராக ஏற்க லூதர் மறுத்ததாகவும் அறிகின்றோம். கூட்டணி உருவாகவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1531 ஒக்டோபரில், கத்தோலிக்க மாநிலங்களுடன் கப்பல் என்ற இடத்தில் நிகழ்ந்த போரில் சூரிச் படையினருடன் சென்ற சுவிங்லி கொல்லப்பட்டார்.

எஞ்சிய அப்பம் லூதரையும் விட்டுவைக்கவில்லை. 1543ஆம் ஆண்டில் ஐஸ்லேபன் நகரப் போதகர் ஒருவர் திருவிருந்தில் எஞ்சிய அப்பத்தை ஏனைய சாதாரண அப்பங்களுடன் கலந்து வைத்தார். வழிபாட்டுச் செயல் முடிந்தால் திருவருட்சாதனமும் முடிந்தது என்பது அவர் கூறிய நியாயம். உண்மையில் அது லூதரின் பாசறையில் கற்ற பாடமே. எனினும் லூதர் அவரைக் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார். எல்லோரும் உண்டு, கிண்ணம் பருகப்பட்டு, துணுக்குகளும் தீரும் வரை அச்செயல் முடிவடைவதில்லை, ஆகவே எஞ்சியதை அங்கேயே உண்டு முடியுங்கள் என்பது அவரது அறிவுரை. பேழையில் வைத்து வணங்குவதுமில்லை, சாதாரண உணவுடன் சேர்ப்பதுமில்லை. இந்த இடைநிலையில் லூதரின் முழுக் கொள்கையையும் காணலாம்.

ஜெனீவாவின் ஜோன் கல்வின் மூன்றாவது வழியொன்றைக் கூறினார். கிறிஸ்து அப்பத்துக்குள் இறங்குவதில்லை; மாறாக, விசுவாசத்துடன் உண்பவரைத் தூய ஆவியானவர் விண்ணிலுள்ள கிறிஸ்துவுடன் இணைக்கின்றார் என்பது அவரது போதனை. இக்கல்வினிய மரபே ஒல்லாந்தருடன் எமது கரைக்கு வந்தது. அவர்கள் கைக்கொண்ட ஹைடல்பர்க் ஞானோபதேசம் கத்தோலிக்கத் திருப்பலியை விக்கிரக ஆராதனை எனக் கண்டிக்கின்றது. அப்பத்தை அப்பமாகவே கருதுபவருக்கு அதன்முன் முழந்தாளிடுதல் வேறெதுவாகத் தோன்றும்? 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரையும் அவர்களுக்குப் புகலிடம் அளிப்பதையும் தடைசெய்தனர். அதில் போர்த்துக்கேயர் மீதான அரசியல் அச்சமும் கலந்திருந்தது. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த ஜோசப் வாஸ் அடிகளார் இரவு வேளைகளில் வீடுகளில் இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றியது இதனாலேயே. 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

ஆங்கிலேயர் இவ்விடயத்தை வேறு விதமாகக் கையாண்டனர். 1549ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூலில் அப்பம் வழங்கும்போது கூறும் வாசகம் கிறிஸ்துவின் உடல் பற்றியதாக இருந்தது. 1552இல் அது நீக்கப்பட்டு, கிறிஸ்துவை நினைவுகூர்ந்து உண்ணுமாறு கூறும் வாசகம் புகுத்தப்பட்டது. 1559இல் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் இரண்டும் ஒரே வாசகமாக இணைக்கப்பட்டன! இன்றும் அங்கிலிக்கன் சபையில் இரு நம்பிக்கைகளையும் கொண்டவர்கள் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடுகின்றனர்.

மதுவை விலக்கிய எமது முஸ்லிம் வாசகர்கள் இரசம் பற்றி வினவக்கூடும். கத்தோலிக்க திருச்சபையில் அது திராட்சையிலிருந்து பெறப்பட்ட உண்மையான மதுவாகவே இருத்தல் வேண்டும். மதுவைத் தவிர்க்கவேண்டிய குருவானவர் அனுமதி பெற்று, புளிப்பேறல் ஆரம்ப நிலையில் நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்தலாம். மெதடிஸ்த சபைகள் பலவற்றிலோ திராட்சைச் சாறே பயன்படுகின்றது. அமெரிக்காவில் 1869ஆம் ஆண்டில் தோமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்த பல்வைத்தியர் திருவிருந்துக்கென்றே சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பேணும் முறையைக் கையாண்டதன் பின்னர் இது இலகுவாயிற்று.

மார்பர்க்கின் பிணக்குத் தீர 444 ஆண்டுகள் சென்றன. 1973இல் சுவிற்சர்லாந்தின் லொயன்பேர்க்கில் உருவான உடன்பாட்டின் மூலம் ஐரோப்பாவின் லூதரன் சபைகளும் கல்வினிய மரபுச் சபைகளும், முன்னோரின் பரஸ்பரக் கண்டனங்கள் தமக்கு இனிப் பொருந்தா எனக் கூறி, ஒரே திருவிருந்தில் பங்குகொள்ள இணங்கின. கத்தோலிக்க திருச்சபை அதில் சேரவில்லை. அதன் 1983ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின்படி, மரண ஆபத்துப் போன்ற பாரதூரமான தேவையின்போதே ஏனைய மேற்கத்தேய சபையினருக்கு நற்கருணை வழங்கலாம். அப்போதும் அவர் அதுபற்றிய கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்றவராக இருத்தல் வேண்டும். மணமகனின் தந்தையார் எழாதிருந்தமைக்குக் காரணம் இதுவே. அடுத்த ஞாயிறன்று மெதடிஸ்த ஆலயத்தில் புதுமணத் தம்பதியருக்கான வழிபாட்டுடன் திருவிருந்தும் நடைபெறுமாயின், அங்கு போதகர் சகல கிறிஸ்தவர்களையும் முன்வருமாறு அழைக்கக்கூடும். ஆயினும் அந்தத் திருவிருந்தைப் பெறுவதற்கு மணமகளின் தாயாருக்கு அவரது சொந்தத் திருச்சபையின் அனுமதி இல்லை. அன்று இருக்கையில் அமர்ந்திருப்பவர் அவராவார்.