பாறை வந்தால் பணம் யாருடையது?

நெகிரி செம்பிலானில் ஜெலெபு, கோலப்பிலா பக்கத்துத் தோட்டங்கள் பல மேடும் சரிவுமானவை. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட வேண்டுமென்றால், முதலில் சரிவில் படிப்படியாகத் தளம் வெட்ட வேண்டும். மண்ணுக்கடியில் பாறை இருக்கிறதா என்பது மண்வாரி இயந்திரம் இறங்கிய பிறகுதான் தெரியும். அந்தப் பாறையின் செலவு யார் தலையில் விழும்? அதை முடிவு செய்வது ஒப்பந்தம்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். குத்தகையாளருக்கு இயந்திரம், டீசல், ஓட்டுநர் சம்பளம் எல்லாம் சேர்த்து மணிக்கு 120 வெள்ளி ஆகிறது. வேலை 200 மணி நேரத்தில் முடியும் என்பது மதிப்பீடு. செலவு 24,000, அவர் ஊதியம் 6,000, ஆக 30,000 வெள்ளி. பாறை குறுக்கிட்டதால் வேலை 300 மணி நேரம் இழுக்கிறது. செலவு 36,000 ஆகிவிடுகிறது.

மொத்த விலை பேசியிருந்தால் தோட்டம் 30,000 வெள்ளிக்கு மேல் தராது. 6,000 நட்டம் குத்தகையாளருடையது. செலவை ஈடுசெய்து 6,000 ஊதியம் தருவதாகப் பேசியிருந்தால் தோட்டம் 42,000 தர வேண்டும். குத்தகையாளருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை, அதே 6,000தான். ஊதியத்தைச் செலவில் 25 விழுக்காடு என்று எழுதியிருந்தாலோ அது 9,000 ஆகிவிடும். செலவு கூடக் கூட ஊதியமும் கூடும் ஒப்பந்தத்தில் எவர் சிக்கனம் பார்ப்பார்?

மூன்றாவது, மணிக்கணக்கு. மணிக்கு 150 வெள்ளி என்றால் 300 மணிக்கு 45,000. தாமதம் ஆக ஆகக் குத்தகையாளருக்கு ஆதாயம். இயந்திரத்திலுள்ள மணிமானி எஞ்சின் ஓடினாலே ஏறும். வாளி மண்ணைத் தொடாமல் நின்றாலும் ஏறும். எனவே அன்றைய மணிக்கணக்கோடு, வெட்டிய தளத்தின் நீளத்தையும் ஊற்றிய டீசலையும் தினமும் குறித்துக்கொள்ள வேண்டும். மணி ஏறி, டீசல் மிகக் குறைவாகச் செலவாகியிருந்தால் இயந்திரம் சும்மா நின்றிருக்கிறது என்று பொருள். இத்தனை மணிக்கு மேல் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்ற உச்சவரம்பும் அவசியம்.

அப்படியானால் மொத்த விலைதான் பாதுகாப்பா? முழுவதும் இல்லை. நட்டப்படும் குத்தகையாளர் தளத்தின் அகலத்தைக் குறைப்பார். தளம் மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடுவார். மழைநீர் வெளிப்பக்கம் வழிந்து மண்ணையும் உரத்தையும் அடித்துச் செல்லும். அந்த நட்டம் தோட்டத்துக்கே திரும்பி வருகிறது.

அவர் கைவைக்கக்கூடிய இன்னோர் இடம் தொழிலாளர் சம்பளம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு இதற்காகவே உள்ளது. தோட்டம் தன் தொழிலுக்கான வேலையைக் குத்தகைக்கு விட்டு, குத்தகையாளர் சம்பளம் தராமல் போனால், தோட்டமும் சேர்ந்து பொறுப்பாகும். ஆனால் தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளம் வரைதான். சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழிலாளி வழக்கைத் தொடங்கியிருக்கவும் வேண்டும்.