பூனை இருக்கும் வீட்டுக்கு எந்தச் செடி?

நர்சரிக்குப் போய், “கிஃப்ட் கொடுக்கணும், எதுவும் தெரியாதவங்க வீட்டுல கூடச் சாகாத செடியா கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். மணிபிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட் என்ற மூன்றில் ஒன்று நம் கைக்கு வரும். நர்சரிக்காரர் சொல்வது தப்பில்லை. மூன்றும் உண்மையிலேயே கெட்டிச் செடிகள். ஸ்நேக் பிளான்ட் தடித்த இலையிலும், ஜீஜீ மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினாலும் அப்படியே நிற்கும்.

ஆனால் செடி போகிற வீட்டில் பூனையோ நாய்க்குட்டியோ இருந்தால் இந்த மூன்றையும் கொடுக்கக் கூடாது. சுலபமாக வளர்வது என்பதால் எல்லோரும் பரிந்துரைக்கிற செடிகளில் பெரும்பாலானவை வளர்ப்புப் பிராணிகளுக்கு ஆகாதவை. கற்றாழை, லக்கி பாம்பூ, ஜேட், பீஸ் லில்லி ஆகியவையும் இதே கணக்குத்தான். விலங்குகளுக்கு ஆகும் செடி, ஆகாத செடி என்று நீண்ட பட்டியல் வைத்திருக்கும் அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு இவற்றை ஆகாதவற்றில்தான் சேர்த்திருக்கிறது.

ஏன் ஆகாது என்பதற்கான காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. சேப்பங்கிழங்கோ கருணையோ சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கிறதல்லவா? அதற்குக் காரணம் கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பின் ஊசி போன்ற படிகங்கள். மணிபிளான்ட் சேப்பங்கிழங்கின் குடும்பம். ஜீஜீயும் பீஸ் லில்லியும் அதே குடும்பம்தான். பூனை இலையைக் கடித்ததும் இந்த ஊசிகள் வாயில் குத்துகின்றன. எச்சில் வடியும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போகாது. ஸ்நேக் பிளான்டில் இருப்பது வேறு பொருள். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் சபோனின் வகைப் பொருள் அதன் இலையில் இருப்பதால், தின்ற பிராணிக்கு வாந்தியும் பேதியும் வரும்.

இந்தச் செடிகளால் உயிர் போவது அரிது. வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு, கடித்த இலையின் ஒரு துண்டோடு கால்நடை மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டு வைத்தியமாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதுதான் ஆபத்து. அதைச் செய்யவே கூடாது.

உயிருக்கே உலை வைப்பவை இரண்டு உண்டு. ஒன்று, பொக்கேயில் வாசனையோடு வரும் பெரிய லில்லிப் பூ. பூனையின் சிறுநீரகத்தை அது சிதைத்துவிடும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூ வைத்திருந்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பீஸ் லில்லி இந்த இனம் அல்ல. அதன் கேடு வாய் எரிச்சலோடு நின்றுவிடும். இரண்டாவது, குட்டைப் பனை போல வாசலில் வைக்கிற சைகஸ். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை மிகக் கொடியது. நாய் தின்றால் ஈரல் கெட்டுவிடும். பிராணி இருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? அதை வெளிச்சம்தான் முடிவு செய்யும். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். கணவன், மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். ஒரு வயதுப் பூனை ஒன்று. ஹாலில் மேற்குப் பார்த்த பால்கனிக் கதவு. படுக்கையறையில் வடக்குப் பார்த்த ஜன்னல், அதற்கு எதிரே பத்தடியில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். செடியை டிவி ஸ்டாண்ட் மேல் வைக்க அவர்களுக்கு ஆசை. அது பால்கனிக் கதவிலிருந்து பன்னிரண்டு அடி உள்ளே இருக்கிறது.

நம் கண்ணை நம்பி வெளிச்சத்தை அளக்க முடியாது. அறை மங்கலாக இருந்தால் கண்ணின் பாவை விரிந்து ஈடுகட்டிவிடும், நமக்கு எல்லாம் பளிச்சென்றே தெரியும். செடிக்கு அந்த வசதி இல்லை. வெயில் நேரத்தில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும் வெளிச்சம், ஹாலின் உள்மூலையில் சில நூறு லக்ஸ்கூட இருக்காது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். காலை பதினோரு மணிவாக்கில், விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கையின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழல் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்தால் குறைவு. பரிசு கொடுப்பவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை. தாளையும் கையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

நம் வேளச்சேரி வீட்டில் டிவி ஸ்டாண்ட் மேல் நிழலே விழவில்லை. அங்கே வைத்தால் எந்தச் செடியும் சில மாதங்களில் நோஞ்சானாகிவிடும். வடக்கு ஜன்னல் ஓரம் நடுத்தரம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை சென்னையில் நடுப்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும், என்றாலும் எதிர்ச்சுவர் அதை மறைத்துவிடுகிறது. பால்கனிக் கதவருகே நல்ல வெளிச்சம்தான், ஆனால் மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக உள்ளே அடிக்கும். கதவுக்கு நேரே வைக்காமல், பக்கவாட்டில் மூன்று நான்கு அடி தள்ளி, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் படுகிற இடம்தான் சரி.

அந்த இடத்துக்கு ஸ்பைடர் பிளான்ட். பச்சையும் வெள்ளையுமாக நீள இலைகள் வளைந்து தொங்குமே, அதுதான். பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லை. மண்ணுக்குள் வெள்ளை முள்ளங்கி போலச் சதைப்பற்றான வேர்களில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஒருமுறை மறந்துவிட்டாலும் தாங்கும். தண்ணீர் போதாவிட்டால் இலை வெளிறிப்போய் நடுவில் மடியும், ஊற்றினால் மறுநாளே நிமிரும். கற்றுக்குட்டிக்கு இப்படிப் பார்த்தாலே தெரிகிற செடிதான் வேண்டும். ஒரு தொல்லை உண்டு. ஆடுகிற அந்த இலைகளைப் பூனை விடாது. நஞ்சில்லை என்றாலும் நிறையத் தின்றால் வாந்தி எடுக்கும், செடியும் மொட்டையாகும். ஆகவே பூனை தாவ முடியாத உயரத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவது நல்லது.

வடக்கு ஜன்னலுக்குக் காஸ்ட் அயர்ன் பிளான்ட் பொருந்தும். கரும்பச்சை அகல இலை, மிக மெதுவான வளர்ச்சி, குறைந்த வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் குணம். எல்லா நர்சரியிலும் கிடைக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும். மேசை மேல் வைக்கச் சின்னதாக வேண்டுமென்றால் ஹவார்த்தியா. கற்றாழையின் குட்டி போல இருக்கும், இலையில் வெள்ளைக் கோடுகள் ஓடும், ஆனால் கற்றாழையைப் போல் கேடு செய்யாது. நல்ல ஜன்னல் வெளிச்சம் மட்டும் அவசியம். எல்லோரும் வாங்குகிற அரிகா பாமும் பிராணிகளுக்குப் பாதுகாப்பானதுதான். ஆனால் அதை வீட்டின் உள்மூலைக்கு வாங்காதீர்கள். நர்சரியின் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்தது, இருட்டு ஹாலுக்கு வந்ததும் கீழ் இலைகளை ஒவ்வொன்றாக இழக்கும்.

செடியை விசேஷத்துக்கு முதல் நாள் வாங்கக் கூடாது, பத்து நாள் முன்பே வாங்கி நம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். இலையின் அடியிலும் காம்பின் இடுக்கிலும் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. அதை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பரிசுக் கடையில் கிடைக்கும் அழகான பீங்கான் குவளைகளில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. ஊற்றிய தண்ணீர் அடியில் தேங்கி வேர் அழுகும். பீங்கான் வேண்டுமென்றால் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கிக் கொடுங்கள், தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து வடியவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். மண்மேல் பெரிய கூழாங்கற்களைப் பரப்பினால் பூனை தோண்டாது.

செடியோடு ஒரு சீட்டும் போக வேண்டும். அதில் ‘வாரம் ஒருமுறை தண்ணீர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். வீட்டுக்குள் செடிகள் சாவதற்குப் பெரிய காரணம் அளவுக்கு மீறிய தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் நாலு நாளில் காய்கிற மண், ஐப்பசி மழையில் பத்து நாளானாலும் ஈரமாக இருக்கும். தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணாக இருந்தால் இன்னும் மோசம், மேலே காய்ந்து பழுப்பாகத் தெரியும், உள்ளே சொதசொதவென்றிருக்கும். அதனால் ஸ்பைடர் பிளான்டுக்கு இப்படி எழுதலாம்: ‘ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடவும். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றவும்.’ ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒன்று, ஒன்றரை டம்ளர் பிடிக்கும். ஹவார்த்தியா என்றால் மண் முழுக்கக் காயும்வரை விட்டுவிட வேண்டும்.

மண் ஈரமாக இருக்கும்போதே கீழ் இலைகள் மஞ்சளாகித் தொளதொளத்தால், தொட்டியைச் சுற்றிச் சின்னக் கொசு போலப் பூச்சி பறந்தால், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இலை நுனி மட்டும் காய்ந்து பழுப்பானால் அது வேறு. போர் தண்ணீரின் உப்பு நுனியில் சேர்வதால் ஸ்பைடர் பிளான்டுக்கு அடிக்கடி இப்படி ஆகும், மண்மேல் வெள்ளையாகப் பொருக்கும் தெரியும். மழைத் தண்ணீரோ ஆர்ஓ குடிதண்ணீரோ ஊற்றினால் புது இலைகள் சுத்தமாக வரும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை மட்டும் ஊற்றக் கூடாது, நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பூனை செடியைத் தேடித்தான் போகும், புல்லைக் கடிப்பது அதன் இயல்பு. செடியோடு ஒரு தட்டையான தொட்டியும் ஒரு கைப்பிடி முழுக் கோதுமையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கோதுமையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஈர மண்மேல் பரப்பி, மெல்லிசாக மண் தூவினால் பத்து நாளில் கடிக்கிற உயரத்துக்குப் புல் வந்துவிடும். அதைத் தரையில், ஸ்பைடர் பிளான்டுக்கு எட்டாத வேறு மூலையில் வைக்கச் சொல்லுங்கள். பழுக்கத் தொடங்கியதும் பிடுங்கிவிட்டு மறுபடி விதைத்துக்கொள்ளலாம்.