குரத்தியும் பேராசிரியரும்: தொழிற்பட்டப் பெயர்களில் பெண்பால் வடிவம்

செஞ்சியை அடுத்த சீயமங்கலம், மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேச்சுரத்தால் அறியப்பட்ட ஊராகும். அங்குள்ள குன்றில் சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ளன. அக்கல்வெட்டுகளுள் ஒன்று குணவீரரின் மாணவரான வச்சிரநந்தி யோகீந்திரரைக் குறிக்கின்றது. இதே வந்தவாசி வட்டாரத்தைச் சேர்ந்த விடால் கல்வெட்டிலோ ஒரு பெண் துறவியைக் காண்கிறோம். முதலாம் ஆதித்தனின் 14ஆம் ஆட்சியாண்டுக்குரிய அச்சாசனம், குணகீர்த்தி படாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் பிள்ளைகளையும் பேணி உணவளிப்பதாக ஊரார் ஒப்புக்கொண்டதைத் தெரிவிக்கின்றது. ஆசிரியர் ‘படாரர்’ எனப்பட, மாணாக்கி ‘குரத்தியார்’ எனப்படுகிறார். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

‘குரத்தி’ என்பது குரவன் என்பதன் பெண்பால். ஒருவன் ‘ஒருத்தி’ ஆவதும் வண்ணான் ‘வண்ணாத்தி’ ஆவதும் இதே முறையினதே. வடமொழி வழி வந்த பகுதியோடு தமிழ் விகுதி தயக்கமின்றி இணைந்துள்ளது. கவனிக்கத்தக்கது யாதெனில், இச்சொல் மேலும் மரியாதை விகுதி ஏற்கும்போதும் பெண்பால் மறைவதில்லை. விடாலில் ‘குரத்தியார்’, கழுகுமலையில் ‘குரத்திகள்’, முதலாம் பராந்தகன் காலத்து விளாப்பாக்கத்தில் ‘பட்டினிக் குரத்தியடிகள்’ என வருகின்றது. முதலில் பால்விகுதி, அதன்மேல் உயர்வுப் பன்மை என்பதே வரிசை. விளாப்பாக்கத்துக் குரத்தியும் அரிட்டநேமி படாரரின் மாணாக்கியே.

அவ்வாறாயின் பெண் துறவியர் ‘படாரி’ என வழங்கப்படாதது ஏன்? கல்வெட்டுகளில் படாரி என்பது பெருவழக்காகத் தெய்வப்பெயர். காளி, துர்க்கை ஆகியோருக்கு அது உரியதாகிவிட்டது. இலக்கணப்படி அமையத்தக்க பெண்பால் வடிவத்தை வேறொரு பொருள் கைப்பற்றியிருந்தமையால், துறவியர்க்கு வேறு சொல் வேண்டியிருந்தது எனக் கருதலாம். இது ஊகமே; எனினும், இதற்கு இணையான நிகழ்ச்சியை நம் காலத்திலும் காட்டலாம். மருத்துவரின் பெண்பாலாக ‘மருத்துவச்சி’ என்பது பிழையற்ற சொல். ஆயினும் அது பேறு பார்ப்பவளைக் குறித்து நிலைபெற்றுவிட்டமையால், மருத்துவப் பட்டம் பெற்ற பெண்ணை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை. பிரெஞ்சு மொழியில் ஆடை வடிவமைப்பாளனைக் குறிக்கும் ‘கூத்தூரியே’ என்பதன் பெண்பாலான ‘கூத்தூரியேர்’ தையற்காரியைக் குறிப்பதும் இவ்வாறே. அம்மொழியினர் ‘ஓத்ரீஸ்’, ‘தொக்தேர்’ ஆகிய பெண்பால் வடிவங்களைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டனர். பிரெஞ்சு அகாதமி 2019 பிப்ரவரியிலேயே பெண்பால் வடிவங்களுக்கு இசைந்தது.

தமிழில் அவ்வாதம் அத்துணை எழாமைக்குக் காரணம் ‘-அர்’ விகுதி. ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கைத் தொல்காப்பியம் பேசுகின்றது. அவ்வுயர்வுப் பன்மையில் பால் காட்டப்படாது. தலைவன், தலைவி என இரண்டாயினும், ‘தலைவர்’ இருவர்க்கும் பொது. 2007இல் பிரதிபா பாட்டீல் பதவியேற்றபோது ‘குடியரசுத் தலைவர்’ என்பதை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே, தமிழில் எஞ்சி நிற்பது இலக்கண ஆண்பால் அன்று, பொதுப்பாலே. ஆனால் அப்பொதுமை கேட்போர் மனத்தில் நடுநிலையாக ஒலிக்கின்றதா என்பது வேறு வினா. ‘பெண் எழுத்தாளர்’ என அடைகொடுத்துச் சொல்கிறோம். ‘ஆண் எழுத்தாளர்’ என்பதோ அரிது. பொதுச்சொல் தலைமை பற்றியும் பன்மை பற்றியும் ஒருசார் பொருளையே உணர்த்தும் என்னும் தொல்காப்பியக் கருத்தை இங்குப் பொருத்திப் பார்க்க இடமுண்டு. மாறாக, ‘செவிலியர்’ என்பதில் ‘ஆண் செவிலியர்’ என்றே அடை வருகின்றது. அங்குப் பன்மை பெண்பக்கம்.

‘-ஆளர்’ ஈற்றுச் சொற்கள் தனியே நோக்கத்தக்கன. ‘-ஆளன்’ என்பதற்கு இணையாக ‘-ஆட்டி’ பண்டே உண்டு. ஆயின் மனையாட்டி, பெண்டாட்டி என அது இல்லறப் பொருளிற் குறுகியது. எனவே ‘எழுத்தாட்டி’ என இன்று ஆக்கினால் இலக்கணம் இடந்தரும், செவி இடந்தராது. செய்தியாளர், மேலாளர் ஆகியனவும் அவ்வாறே பெண்பால் இணையின்றி நிற்கின்றன.

ஆசிரியை, மாணவி, நடிகை முதலியன இன்றும் வழங்குகின்றன. ஆனால் பதவி உயர உயரப் பெண்பால் விகுதி நழுவுவதைக் காணலாம். பள்ளியில் ‘ஆசிரியை’ எனப்பட்டவர் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ‘பேராசிரியர்’ ஆகிறார். ‘பேராசிரியை’ ஆங்காங்கு வழங்கினும் ஆணைகளில் அருகியே காணப்படுகின்றது. ‘துணைவேந்தர்’ என்பதற்குப் பெண்பால் வடிவமே வழக்கில் இல்லை. கல்வெட்டுக் காலத்தில் நிலை இதற்கு நேர்மாறு. ஊரார் பொறுப்பேற்றுக் காக்கும் அளவுக்கு உயர்ந்த கனகவீரரின் பட்டப்பெயரில் மரியாதை விகுதி பெண்பாலை விழுங்கவில்லை, அதன்மேல் அமர்ந்தது.