நள்ளிரவு விமானமும் டாக்சிக்காரருக்கு ஒரு மெசேஜும்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குகின்றன. டாக்சி சொல்லும்போது வரும் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. விமானம் 15ஆம் தேதி 00.40க்கு இறங்குகிறது என்று வையுங்கள். வீட்டில் எல்லோரும் அதை ‘14 ராத்திரி’ என்பார்கள். டிக்கெட்டைப் பார்த்து ‘15ஆம் தேதி 12.40’ என்று மட்டும் அனுப்பினால், டிரைவர் மறுநாள் பகல் 12.40 என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். அதனால் இரண்டு கிழமையையும் எழுதிவிடுவது நல்லது:

“அண்ணா, 14 செவ்வாய் ராத்திரி முடிஞ்சு, 15 புதன் அதிகாலை 12.40க்கு அம்மா சிங்கப்பூர்லேர்ந்து வர்றாங்க. ஃப்ளைட் நம்பர் கீழே இருக்கு, கிளம்பும் முன்னாடி ஒரு தடவை பார்த்துக்குங்க. இன்டர்நேஷனல் அரைவல் வாசல். ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டி. போர்டுல ‘லட்சுமி, தஞ்சாவூர்’னு எழுதுங்க. அம்மாகிட்ட இந்திய சிம் இல்லை, வெளியே வந்ததும் எனக்குத்தான் சொல்வாங்க, நான் உங்களைக் கூப்பிடுறேன்.”

விமான எண்ணை விட்டுவிடக் கூடாது. விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் நேரம் பொய்யாகிவிடும், எண் பொய்யாகாது. அந்த எண்ணைப் போட்டு, எப்போது இறங்கும் என்று டிரைவரே போனில் பார்த்துக்கொள்வார்.

போர்டில் பாஸ்போர்ட் பெயரை அப்படியே போடச் சொல்லாதீர்கள். நம் பாஸ்போர்ட்டுகளில் அப்பா பெயரோ கணவர் பெயரோ சேர்ந்து நீண்டுகிடக்கும். களைத்து வரும் அம்மாவின் கண் தன் பெயரைத்தான் தேடும். லட்சுமிகள் இருவர் வந்தாலும் ஊர்ப் பெயர் பிரித்துக் காட்டும். வெள்ளைத்தாளில் தடித்த மார்க்கரால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் போதும். போன் திரையில் காட்டினால், முக்கியமான நேரத்தில் அது அணைந்துபோகும். அம்மாவிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: “யார் அனுப்பினாங்க?” என்று கேட்டு, டிரைவர் உங்கள் பெயரைச் சொன்ன பிறகே பெட்டியைக் கொடுக்க வேண்டும்.

சண்டை வருவது பெரும்பாலும் காத்திருப்புக் காசில்தான். விமானம் தரை தொட்டதும் ஆள் வெளியே வந்துவிடுவதில்லை. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வரும் பெல்ட், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்ட ஒரு மணி நேரம் ஆகலாம், கூட்டமிருந்தால் அதற்கு மேலும் ஆகும். ஆகவே காத்திருப்புக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். விமானம் உண்மையில் இறங்கிய நேரத்திலிருந்து எண்ணுவதே இருவருக்கும் நியாயம் என்பேன். டிக்கெட் நேரத்திலிருந்து எண்ணினால் தாமதத்துக்கு நாம் காசு கட்டுகிறோம். காத்திருப்பே இல்லை என்றால், தூக்கத்தை விட்டு வந்த மனிதரின் நேரத்துக்கு மதிப்பில்லை. அதை இப்படி எழுதலாம்:

“இறங்கினதுலேர்ந்து ஒரு மணி நேரம் வாடகையிலேயே சேரும். அதுக்கு மேல அரை மணிக்கு எவ்வளவுன்னு இப்பவே சொல்லிடுங்க. பார்க்கிங் காசு என்னோடது, ரசீதை வச்சுக்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா கிளம்பாதீங்க, முதல்ல எனக்கு போன் பண்ணுங்க.”

வாசலில் வண்டியை வெகுநேரம் நிறுத்த விடமாட்டார்கள். அதனால் வண்டி பார்க்கிங்கிலேயே நிற்கட்டும், அம்மா வெளியே வந்ததாக நீங்கள் சொன்ன பிறகு டிரைவர் அவரை வண்டிக்கு அழைத்துப் போகட்டும்.