கடையை மூடிய பிறகு: சம்பளமா, மறுபடியும் வியாபாரமா?

கடையை மூடியவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன், பழைய கடையின் கணக்கை ஒரு தாளில் எழுதி முடிக்க வேண்டும். தெரிய வேண்டியவை இரண்டு: மீதக் கடன் எவ்வளவு? அந்தக் கடையால் குடும்பம் நடத்த முடிந்ததா?

ஒரு ரெடிமேட் துணிக்கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மொத்த வியாபாரிக்கும் உறவினர்களுக்கும் கொடுக்க வேண்டியது 2,40,000 ரூபாய். வாடகை பாக்கி போக அட்வான்ஸில் திரும்புவது 60,000. மிச்சச் சரக்கை வாங்கிய விலைக்கு மதிப்பிடக் கூடாது. இன்று ஒருவர் ரொக்கமாகத் தரும் விலையே அதன் மதிப்பு. அது 90,000. வெளியே நிற்கும் பாக்கியில் வரும் என்று நம்பக்கூடியது 10,000. ஆக, மீதக் கடன் 80,000.

இனி இரண்டாவது கேள்வி. மாத விற்பனை 1,20,000. அதில் நூற்றுக்கு 25 வீதம் லாபம் 30,000. கடை வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில் 24,000. மிஞ்சியது 6,000. ஆனால் வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது 14,000. மாதம் 8,000 ரூபாய் முதலிலிருந்தே கரைந்திருக்கிறது. பத்து மாதத்தில் அதுவே 80,000! கல்லாவில் பணம் புழங்கியதால் இது கண்ணில் படவில்லை. ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் குறைவாகச் சரக்கு வாங்க நேர்ந்ததுதான் அதன் அடையாளம்.

வீட்டுச் செலவும் சேர்ந்து நிற்க, இந்தக் கடை மாதம் 1,52,000 விற்றிருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் மட்டுமே அந்த விற்பனை வந்தது என்றால், அதே வாடகையில் அதே கடையை மறுபடி திறப்பது அதே கடனில்தான் முடியும்.

ஆகவே இவருக்கு இப்போது சம்பளமே சரி. 18,000 சம்பளத்தில் மாதம் 4,000 ஒதுக்கினால் இருபது மாதத்தில் கடன் அடையும். இந்தத் தவணையைக் கடன் கொடுத்தவர்களிடம் நேரில் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். ஒளிந்து திரிவதும், வட்டிக்கு வாங்கி அடைப்பதும் வேண்டாம். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கூறுகிறது. அடைக்க வழியே இல்லாதவர் ஜமாஅத்தை அணுகலாம். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர்.

வியாபார ஆசையை விட வேண்டியதில்லை. கடன் அடைந்த பின், வேலையில் இருந்துகொண்டே, பெருநாளுக்கு மட்டும் ரொக்கத்துக்குச் சரக்கு எடுத்து, வீட்டிலிருந்து கடன் சொல்லாமல் விற்றுப் பார்க்கலாம். இரண்டு பெருநாளிலும் போட்ட முதல் முழுமையாகத் திரும்பி, லாபமும் நின்றால், இஸ்திகாரா தொழுது, குடும்பத்தாருடன் மஷூரா செய்து, அடுத்த அடி வைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.